இயந்திரமும் வேதிப்பொருளும் வழங்குவோரின் கடமை (இந்தியா)

தொழிலாளர் கையாளும் இயந்திரத்தையோ வேதிப்பொருளையோ உருவாக்கி விற்பவர்கள், அதனால் தொழிலாளருக்குத் தீங்கு நேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் எனச் சட்டம் விதிக்கும் பொறுப்பு இது. ஆலை நடத்துபவரின் பொறுப்பு வேறு. இது இயந்திரம் ஆலைக்குள் நுழையும் முன்பே தொடங்கிவிடுகிறது.

தொடக்கம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பெரும்பாலும் ஆலை நடத்துபவரையே பொறுப்பாக்கியது. பிரிவு 26 மட்டும் விற்பவரையும் தொட்டது. சுழலும் தண்டிலிருந்து துருத்தி நிற்கும் திருகாணி வேட்டியையோ சேலையையோ பற்றினால், ஆளையே சுற்றி இழுத்துவிடும். அதனால் புதிய இயந்திரங்களில் திருகாணிகள் உள்ளடங்கியோ மறைக்கப்பட்டோ இருக்க வேண்டியிருந்தது. ஓடும்போது அடிக்கடி சரிசெய்யத் தேவையில்லாத பற்சக்கரங்களை முழுவதும் மூட வேண்டியிருந்தது. இவையில்லாத இயந்திரத்தை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ மூன்று மாதம் வரை சிறை, 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் தண்டனையாக இருந்தன.

கதிரடி இயந்திரங்கள்

வயலில் ஓடும் இயந்திரத்துக்கு ஆலைச் சட்டம் எட்டவில்லை. விசையால் ஓடும் கதிரடி இயந்திரத்தில் கதிரைத் தள்ளும் கை, ஊட்டுவாய் குட்டையாக இருந்தால் உருளை வரை போய்விடும். கை துண்டாகும் விபத்துகளுக்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்திய தர நிர்ணயம் ஊட்டுவாய் 90 செ.மீ. நீளமும், அதில் 45 செ.மீ. மேல்மூடியும் கொண்டிருக்கக் கேட்கிறது. 1983இல் வந்த அபாயகர இயந்திரங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இவற்றைத் தயாரிப்பவரையும் விற்பவரையும் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

பிரிவு 7பி

போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, பிரிவு 7பி சேர்ந்தது. பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே இதுவும் வடிவமைப்பவர், தயாரிப்பவர், இறக்குமதி செய்பவர், வழங்குபவர் அனைவரையும் பிணைத்தது. நடைமுறையில் இயன்ற அளவு பாதுகாப்பாக வடிவமைத்தல், சோதித்தல், பயன்படுத்தும் முறையைத் தெரிவித்தல் ஆகிய மூன்றும் அவர்கள் கடமையாயின.

ஆனால் பாதுகாப்பு, பொருள் ‘முறையாகப் பயன்படுத்தப்படும்போது’ மட்டுமே உறுதி செய்யப்பட வேண்டியிருந்தது. தயாரிப்பாளர் தந்த அறிவுரையை மீறினால் அது முறையான பயன்பாடாகக் கருதப்படவில்லை. வாங்குபவர் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாமே செய்வதாக எழுதிக்கொடுத்தால், அந்த அளவுக்குத் தயாரிப்பாளரின் பொறுப்பும் குறைந்தது. எனவே தொழிலாளியால் படிக்க முடியாத மொழியில் கையேடு இருந்தால், அவருடைய கை அடிபட்ட பிறகு அதே கையேடு தயாரிப்பாளருக்குக் கேடயமாகக்கூடிய நிலை இருந்தது. பிரிவின் பெரிய பலவீனம் இதுவாகவே இருந்தது.

வேதிப்பொருள்

பிரிவு 7பியின் தலைப்பில் வேதிப்பொருளும் அடங்கியிருந்தது. கடமையை விதிக்கும் வாசகமோ இயந்திரம் போன்ற பொருட்களையே பேசியது. 1989ஆம் ஆண்டின் அபாயகர வேதிப்பொருள் விதிகள் பாதுகாப்புத் தரவுத் தாளையும், கலனின் மேல் உள்ளடக்கம், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, நச்சுத்தன்மை ஆகியவற்றைக் காட்டும் சீட்டையும் கட்டாயமாக்கின.

2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பிரிவு 8இல், இக்கடமையை ஆலைகளைக் கடந்து பிற நிறுவனங்களுக்கும் விரித்தது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் உள்ளது.