உயிர் மச்சை – 7: ஐந்நூறைத் தாண்டும் காலை

போன வாரம் அந்தக் கட்டிலருகே உங்களை நிற்க வைத்துவிட்டுப் போனேன். வாருங்கள், திரும்பவும் உள்ளே போவோம்.

1983 மார்ச் 20. பம்பாய், டாட்டா நினைவு மருத்துவமனை. இரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கும் சிறுமிக்கு ஒன்பதே வயது. சகோதரனின் இடுப்பெலும்பில் ஊசி போட்டு எடுத்த மச்சை, சாதாரணமாக இரத்தம் ஏற்றுவது போலவே அவளுக்குள் இறங்குகிறது. இந்தியாவில் அதுவரை யாரும் செய்யாத வேலை. செய்பவர் டாக்டர் சுரேஷ் அத்வானி. சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியதால் சக்கர நாற்காலியில் நடமாடுபவர். சியாட்டிலில் டொனல் தாமஸின் குழுவிடம் இந்த வித்தையைக் கற்று வந்தவர்.

கம்பளையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இரத்த வகை ஒன்றாக இருந்தால் போதாதா?"

போதாது. சொல்லப்போனால், இரத்த வகை ஒன்றாக இருக்கவே வேண்டும் என்றும் இல்லை.

பார்க்க வேண்டியது வேறு. நம் பெரும்பாலான உயிரணுக்களின் மேல் எச்எல்ஏ என்ற அடையாளங்கள் ஒட்டியிருக்கின்றன. சோதனைச் சாவடியில் நீட்டும் அடையாள அட்டை மாதிரி. அப்பாவிடம் இந்த அடையாளங்கள் இரண்டு கட்டு, அம்மாவிடம் இரண்டு கட்டு. பிள்ளைக்கு இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று. கூடிச் சேரும் வழிகள் நான்கு. ஆகவே கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான்.

அன்று இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தாய்மாரின் இரத்தத்தை வைத்து! பல பிள்ளை பெற்ற தாயின் உடல், கருவிலிருந்த பிள்ளையின் தந்தைவழி அடையாளத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கலாம். அந்த இரத்தநீரைச் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் விடுவார்கள். சோதிக்க வேண்டியவரின் வெள்ளணுக்களைச் சேர்ப்பார்கள். எந்தக் குழியில் அணு செத்துச் சாயம் ஏறுகிறதோ, அந்த அடையாளம் அவரிடம் உண்டு. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே குழிகள் நிறம் மாறினால் முதல் கதவு திறந்தது.

இன்று மரபணுவையே படித்துவிடுகிறார்கள். வீட்டில் பொருந்துபவர் இல்லாவிட்டால் கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம். 2009இல் தொடங்கிய 'தாத்ரி' சென்னையில் இருக்கிறது. அடையாளக் கட்டுகள் வம்சவழியாக வருபவை. அதனால் கண்டி மலைத்தோட்டத்துப் பிள்ளைக்கு ஐரோப்பியரைவிடத் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பொருந்தும் வாய்ப்பு அதிகம்.

சரி, வார்டுக்குத் திரும்புவோம்.

மச்சை ஏற்றிய நாள் பூச்சிய நாள். பழைய மச்சையை ஏற்கெனவே அழித்தாகிவிட்டது.

இனித் திரும்பிப் போக வழியில்லை.

ஒவ்வொரு காலையும் இரத்தம் எடுப்பார்கள். எந்த நாட்டு வார்டிலும் இந்தச் சோதனைத் தாள் பேசும் மொழி ஒன்றுதான். நம் இரத்தத்தில் ஒரு மைக்ரோலீட்டருக்கு நாலாயிரத்துக்கு மேல் இருக்கும் வெள்ளணு, ஒரு வாரத்தில் நூறுக்கும் கீழே விழுகிறது. வாயெல்லாம் புண். எச்சில் விழுங்கவும் முடியாது. காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

பத்தாம் நாள். நூறுக்குக் கீழே.

பதினான்காம் நாள். அதேதான்.

கதவோரம் நிற்கும் அம்மா தாளைப் பார்ப்பதில்லை. டாக்டரின் முகத்தைப் பார்க்கிறாள்.

இருபதாம் நாள் தாள் ஒன்றை உதாரணத்துக்குப் பிரிப்போம். மொத்த வெள்ளணு 1,100. அதில் கிருமியோடு மல்லுக்கு நிற்கும் நியூட்ரோபில் 48 வீதம். பெருக்கினால் 528. தேடுவது 500ஐ!

ஆனால் கொண்டாட அவசரப்படாதீர்கள். ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்குவதும் உண்டு. மூன்று நாள் தொடர்ந்து ஐந்நூறைத் தாண்டி நின்றால்தான், அந்த முதல் நாளை மச்சை பிடித்த நாள் என்று எழுதுவார்கள். இருபத்தெட்டு நாளாகியும் எட்டாவிட்டால் நாற்று வேர்விடவில்லை என்று பயப்பட வேண்டும். பிளேட்லெட் இன்னும் மெதுவாக வரும். அதை நம்புவதும் கடினம். ஏற்றிய பிளேட்லெட்டும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், இரவல் நகை மாதிரி. ஏற்றாமலே ஒரு வாரம் இருபதாயிரத்துக்கு மேல் நின்றால்தான் அது சொந்தம்.

ஆக, எண் ஏறிவிட்டது. வாய்ப்புண்ணும் ஆறுகிறது.

ஆனால் ஏறியது யாருடைய அணு?

சகோதரனுடையதா? அழித்தும் சாகாமல் ஒளிந்திருந்த அவளுடைய பழைய மச்சையா? இரண்டும் தாளில் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

இங்கேதான் கொடுத்தவர் ஆண் பிள்ளை என்பது கைகொடுக்கிறது. பெண் பிள்ளையின் அணுவில் இரண்டு எக்ஸ் நிறப்புரி. ஆணின் அணுவில் ஒரு எக்ஸ், ஒரு ஒய். சிறுமியின் இரத்தத்தில் ஒய் தென்பட்டால் அது சகோதரன் கொடுத்தது. நுண்ணோக்கியின் கீழ் அந்தக் குட்டி ஒய்யைத் தேட வேண்டும்.

தென்பட்டாலும் டாக்டரின் மனம் அமைதியடையாது. மச்சை பிடித்ததும் அவர் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளையின் கையைத் திருப்பிப் பார்ப்பார். உள்ளங்கையில் சிவப்பு ஏதும் இருக்கிறதா?

புதிதாக வந்த அணுக்கள், குடியேறிய வீட்டையே அந்நியமாகப் பார்க்கத் தொடங்கும் வேளை அது.

(அடுத்த வாரம்: உள்ளங்கைச் சிவப்பு)