மாதந்தோறும் பன்னிரண்டு பெயர்கள்: அமாவாசைத் தர்ப்பணமும் படையலும்

அமாவாசைத் தர்ப்பணம் என்பது தகப்பனை இழந்த மகன், மாதம் ஒருமுறை அமாவாசைத் திதியில், முன்னோர்களின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைப்பது. சாத்திரத்தில் இதற்குத் தர்ச சிராத்தம் என்று பெயர். சமைத்துப் போட்டுச் செய்யவேண்டிய சிராத்தத்தை எள்ளுத் தண்ணீராகச் சுருக்கிச் செய்வதால் சங்கல்பத்தில் ‘தில தர்ப்பண ரூபேண’ என்று சொல்லப்படுகிறது. திலம் என்றால் எள். பூணூல் வழக்கமில்லாத வீடுகளில் இதே நாளில் இதே நோக்கத்தோடு செய்யப்படுவது படையல்.

கோலார் மாவட்டத்தில், தங்கவயலுக்கு மேற்கே உள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் பேசப்படும் வட்டாரம் இது. ஒரே அமாவாசை இங்கே வீட்டுக்கு வீடு வேறு முகம் காட்டும். 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளலாம். தமிழர்களுக்கு அது ஆடி அமாவாசை, முன்னோருக்கான நாள். கன்னட வீடுகளில் அதே நாள் பீமன அமாவாசை. மனைவி கணவனின் ஆயுளுக்காகப் பூசை செய்யும் மங்கல நாள். ஒரு வாசலில் கோலமும் மஞ்சள் நூலும் இருக்க, அடுத்த வாசல் தர்ப்பணம் முடியும்வரை கோலமில்லாமல் கிடக்கும். கன்னட வீடுகள் முன்னோரைப் பெரிதாக நினைப்பது மகாளய அமாவாசையில். அன்று கர்நாடகத்தில் அரசு விடுமுறை. அவர்கள் இலை போட்டுப் படைப்பதை ‘எடெ’ வைப்பது என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையின் சங்கல்பத்தைப் பார்த்தால் சொற்களின் அமைப்பு விளங்கும். சங்கல்பம் என்பது, காலத்தையும் செய்பவனையும் செயலையும் அறிவிக்கும் வாக்கியம். அதில் பாதி மாதாமாதம் மாறாது. பாதி பஞ்சாங்கத்தைப் பார்த்து நிரப்ப வேண்டியது. அன்று நிரப்ப வேண்டியிருந்தவை: குரோதி வருடம், தட்சிணாயனம், கிரீஷ்ம ருது, கடக மாதம், கிருஷ்ண பட்சம், அமாவாசைத் திதி, பானு வாசரம், நட்சத்திரம். தமிழர் சூரிய மாதக் கணக்கில் ‘கடக மாஸே’ என்று சொன்ன இடத்தில், சந்திர மாதக் கணக்கு வைத்திருக்கும் கன்னட, தெலுங்கு வீட்டார் ‘ஆஷாட மாஸே’ என்று சொல்லவேண்டும். நட்சத்திரத்தில் ஒரு நுட்பம் இருந்தது. சுமார் ஒன்றரை மணி வரை பூசம், அதன்பின் ஆயில்யம். காலையில் செய்தவர் ‘புஷ்ய’ என்றும், மதியம் இரண்டு மணிக்குச் செய்தவர் ‘ஆஸ்லேஷா’ என்றும் சொல்வதே சரி.

நாளைத் தீர்மானிப்பதிலும் அந்த மாதம் நல்ல எடுத்துக்காட்டு. அமாவாசை, ஆகஸ்ட் 3 சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சற்று முன் தொடங்கி, மறுநாள் மாலை நாலே முக்கால் வாக்கில் முடிந்தது. பகலை ஐந்து கூறாக்கினால் நான்காவது கூறு அபராஹ்ணம். அதுதான் பித்ருக்களுக்குரிய காலம். அந்த நாட்களில் இவ்வூர்ப் பக்கம் அது ஏறத்தாழ மதியம் 1.40 முதல் 4.15 வரை. சனிக்கிழமை அபராஹ்ணத்தின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் அமாவாசை தொட்டது. ஞாயிறன்று முழுவதையும் நிறைத்தது. ஆகவே ஞாயிறு. காலண்டரில் கறுப்பு வட்டம் போட்ட நாளும் தர்ப்பண நாளும் சில மாதங்களில் வேறுபடுவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

சங்கல்பத்தில் முன்னோரைச் சொல்லத் தொடங்கும்போதே பூணூலை வலத்தோளுக்கு மாற்றி, சங்கல்பம் முடிந்ததும் தெற்கு நோக்கி உட்கார வேண்டும். மோதிர விரலில் மூன்று தர்ப்பைப் புல்லால் ஆன பவித்திரம். சுபகாரியத்துக்கு இரண்டு புல், தர்ப்பணத்துக்கு மூன்று. எதிரே தாம்பாளத்தில் தர்ப்பையை மடக்கி முடிச்சிட்ட கூர்ச்சம், நுனி தெற்கே. அதன்மேல் கறுப்பு எள்ளைப் போட்டு முன்னோரை எழுந்தருளச் செய்வது ஆவாகனம். தந்தை வழிக்கு ஒன்று, தாய் வழிக்கு ஒன்றாக ஆவாகனம் இரண்டு. பிறகு எள்ளோடு நீரை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சாய்த்து விடவேண்டும். கையின் அந்தப் பகுதிக்குப் பித்ரு தீர்த்தம் என்று பெயர். தேவர்களுக்கு விடுவதுபோல் விரல் நுனி வழியே விட்டுவிடுவது, புதிதாகச் செய்பவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

இனி, சடங்கின் உயிரான வாக்கியம். கோத்திரம், பெயர், உருவம், உறவு, கடைசியில் ‘ஸ்வதா நமஸ்தர்ப்பயாமி’. இந்த ஐந்து கட்டங்கள்தான். ‘தர்ப்பயாமி’ என்றால் திருப்தி செய்கிறேன் என்று பொருள். தர்ப்பணம் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. தேவர்களுக்குக் கொடுக்கும்போது ‘ஸ்வாஹா’, முன்னோருக்குக் கொடுக்கும்போது ‘ஸ்வதா’. உருவம் என்பது தலைமுறையைக் குறிக்கும். தந்தை வசு ரூபம், பாட்டனார் ருத்ர ரூபம், முப்பாட்டனார் ஆதித்ய ரூபம். ஒருவரைச் சொல்லும்போதும் பன்மையில்தான் சொல்வார்கள். நாம் ‘அப்பா வந்தார்கள்’ என்பதுபோல அது மரியாதைப் பன்மை.

யஜுர் வேத ஆபஸ்தம்ப வழக்கில் பெயர்கள் பன்னிரண்டு. தந்தை, அவர் தந்தை, அவருக்கும் தந்தை என்று மூவர். தாய், தந்தையின் தாய், பாட்டனாரின் தாய் என மூவர். பிறகு தாய்வழியில் தாத்தாவும் அவருக்கு மேல் இரண்டு தலைமுறையும், அந்த மூவரின் மனைவியரும். ஒருவருக்கு மூன்று முறை நீர் விட்டால் 36 முறை. அதற்குப் பிறகு, தெரிந்தும் தெரியாமலும் விட்டுப்போன முன்னோர் எல்லோருக்கும் பொதுவாக மூன்று முறை. ஒரு சிறு செம்பு போதாது. பெரிய சொம்பு நிறைய நீரும், ஒரு கிண்ணம் எள்ளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

பிழை பெரும்பாலும் கோத்திரத்தில் நேர்கிறது. தாயும் தந்தைவழிப் பாட்டிகளும் மணம் செய்து வந்தவர்கள்; அவர்களுக்குச் செய்பவனின் கோத்திரமே. தாய்வழித் தாத்தாவுக்கு அவருடைய கோத்திரம், அவர் மனைவிக்கும் அதுவே. செய்பவர் பாரத்துவாசர், தாய்வழித் தாத்தா கௌசிகர் என்றால், முதல் ஆறு பெயருக்குப் பாரத்துவாசமும் அடுத்த ஆறுக்குக் கௌசிகமும் வரவேண்டும். ஒரே கோத்திரத்தைப் பன்னிரண்டுக்கும் சொல்லிக்கொண்டே போய்விடுபவர்கள் பலர். அடுத்த சிக்கல், தாய் உயிரோடிருப்பது. அப்போது அவரை விட்டுவிட்டு, தந்தையின் தாயில் தொடங்கி ஒரு தலைமுறை மேலே போகவேண்டும். தந்தை உயிரோடிருந்தால் மகனுக்கு அமாவாசைத் தர்ப்பணமே இல்லை. கோத்திரம் தெரியாதவர்களுக்குக் காசியப கோத்திரம் சொல்வது வழக்கம்.

முடிவில் ஒன்று வருகிறது; இந்தச் சடங்கில் மனத்தை அதிகம் தொடும் இடம் அதுதான். பூணூல் வலத்தோளில் இருக்கும்போதே கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்த்து, அதன் வழியே மிச்ச நீரையும் எள்ளையும் விடுவார்கள். தாய், தந்தை, சகோதரன், சுற்றத்தார் என்று யாருமற்றுப் போனவர்களுக்கு, பெயர் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு அந்த நீர். தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த ஆழங்களில் உயிர்விட்டவர்களில் எத்தனையோ பேருக்கு வாரிசு இல்லை. இவ்வட்டாரத்தில் விடப்படும் அந்தக் கடைசி நீருக்குத் தனிக் கனம் உண்டு.

தர்ப்பண நீரைச் சாக்கடையில் கொட்டுவதில்லை. கால் படாத இடத்தில், மரத்தடியில் விடுவார்கள்.

படையல் வீடுகளில் சமஸ்கிருதம் இல்லை, பெயர் உண்டு. குளித்துவிட்டுச் சமைக்க வேண்டும். உப்புப் பார்க்கக்கூட வாயில் வைப்பதில்லை. வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய், அவரைக்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல், உளுந்து வடை, பாயசம் என்று பழைய நாட்டுக் காய்கறிகளே இலைக்கு வரும். வெங்காயம், பூண்டு இல்லை. உருளைக்கிழங்கு, தக்காளி, முட்டைகோசு, கேரட் போன்றவை கடல் கடந்து வந்தவை என்பதால் பல வீடுகளில் விலக்கு. படத்துக்கு முன் தலைவாழை இலை போட்டு, இறந்தவருக்குப் பிடித்த ஒன்றையும் சேர்த்து வைப்பார்கள். வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம், ஒரு செம்புத் தண்ணீர். சூடம் காட்டி, வீட்டின் பெரியவர் தாத்தா, பாட்டி, அப்பா என்று ஒவ்வொருவரையும் அழைத்து, குடும்பத்தைக் காக்கும்படி தமிழிலேயே வேண்டிக்கொள்வார். மகன் இல்லாத வீட்டில் பெண்கள் விரதமிருந்து இதைச் செய்கிறார்கள். அதன்பின் காக்கைக்குச் சோறு. காக்கை கொத்திய பிறகே வீட்டார் சாப்பிடுவார்கள். மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுப்பதோடு, பச்சரிசி, பருப்பு, வாழைக்காய், தட்சணை என்று தானமும் உண்டு.

2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, இப்பக்கத்து ஆட்கள் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சூரியன் உதிக்குமுன் தர்ப்பணம் செய்வதில்லை. அதனால் வேலை நாளில் வரும் அமாவாசை பல வீடுகளில் நழுவி, ஆடி, தை, மகாளயம் என்று ஆண்டுக்கு மூன்று மட்டும் தங்குகிறது. மூன்றையாவது செய்யட்டும், அதில் குறையில்லை. கவலைக்குரியது வேறு: ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில் முப்பாட்டனாரின் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. தாய்வழியில் தாத்தாவோடு நின்றுவிடுகிறது. பெயர் தெரியாவிட்டால் வாக்கியம் நின்றுவிடாது. உறவை மட்டும் சொல்லி நீர் விடலாம் என்று வழிவிட்டிருக்கிறார்கள். ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய பெயரை விட்டுவிடுவது வேறு.

வீட்டில் பாட்டியோ பெரியத்தையோ மாமாவோ இருந்தால் வரும் அமாவாசைக்கு முன்பே உட்கார்ந்து கேளுங்கள். பன்னிரண்டு பெயர்கள், இரண்டு கோத்திரங்கள். நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதி, பஞ்சாங்கத்தோடு சேர்த்து வையுங்கள்.