மருமகளுக்கு செல்வமகள் கணக்கு... தாய்மாமன் தொடங்க முடியுமா? தங்கக் காசு கொடுப்பதா? முழு விவரம்!

தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கு. 16-ம் நாள் பேர் வைக்கிறாங்க. கையில் ரூ.10,000 இருக்கு. தங்கக் காசா, செல்வமகள் சேமிப்புக் கணக்கா? பல தாய்மாமன்களுக்கு வரும் குழப்பம் இது.

மாமன் கணக்கு தொடங்கலாமா?

முடியாது. 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்கு பெற்றோரோ, சட்டப்பூர்வ பாதுகாவலரோதான் தொடங்கணும். தாத்தா, பாட்டி தொடங்கிய கணக்குகளையே பெற்றோர் பெயருக்கு மாற்றச் சொல்லி 2024-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. அதனால் பணம் உங்களுடையது, கையெழுத்து தங்கச்சியுடையது.

விழா அன்றே பாஸ்புக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. கணக்குக்கு பிறப்புச் சான்றிதழ் வேணும். அதில் குழந்தையின் பெயர் ஏறுவதே பேர் வைத்த பிறகுதான். சான்றிதழில் உள்ள அதே பெயர், இனிஷியலில் கணக்கைத் தொடங்கினால் பின்னால் அலைச்சல் இல்லை.

அப்போ தட்டில் எதை வைப்பது?

தபால் நிலையத்தில் விண்ணப்பப் படிவத்தை முன்பே வாங்கிக்கோங்க. அதோடு தங்கச்சி பெயருக்கு எழுதிய ரூ.10,000 காசோலையை மஞ்சள் தடவிய கவரில் போட்டு, வெற்றிலை பாக்கோடு கொடுக்கலாம். மொய்க்கு வைக்கும் அந்த ஒரு ரூபாயைத் தனியாக வையுங்க. இந்தக் கணக்கில் ரூ.50-ன் மடங்காகத்தான் கட்ட முடியும்.

எவ்வளவு கிடைக்கும்?

2024 ஜனவரியில் வட்டி 8.2% ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது மாறலாம். இதே வட்டி நீடித்தால், ரூ.10,000 மட்டும் 21 வருடத்தில் சுமார் ரூ.52,000 ஆகும்.

எங்கே சிக்கல் வரும்?

கணக்கு தொடங்கியதோடு பலர் மறந்துடுறாங்க. 15 வருடத்துக்கு ஆண்டுதோறும் குறைந்தது ரூ.250 கட்டணும். தவறினால் அந்த நிலுவையோடு, தவறிய ஒவ்வொரு ஆண்டுக்கும் ரூ.50 அபராதம் கட்டித்தான் கணக்கைப் புதுப்பிக்கணும். ஏற்கெனவே கஷ்டப்படும் குடும்பத்துக்கு இது இன்னொரு சுமை. எனவே ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மாமன் சீராக இந்த ரூ.250-ஐ நீங்களே கொடுத்துடுங்க.

அப்போ தங்கக் காசு வேண்டாமா?

அப்படிச் சொல்ல முடியாது. காசு வாங்கும்போது கொடுக்கும் செய்கூலியும் 3% ஜிஎஸ்டியும் விற்கும்போது திரும்பி வராது. ஆனால் நாளைக்கே குழந்தைக்கு ஆஸ்பத்திரி செலவு வந்தால், காசை விற்று சமாளிக்கலாம். செல்வமகள் கணக்கில் 18 வயது அல்லது பத்தாம் வகுப்பு தேர்ச்சிக்கு முன் சாதாரணமாகப் பணம் எடுக்க முடியாது. கைச்செலவுக்கே திணறும் வீடு என்றால் காசுதான் உதவும். ரசீதையும் சேர்த்துக் கொடுங்க. மாதச் சம்பளம் வரும் வீடு என்றால் கணக்கே நல்லது.

ஆண் குழந்தை என்றால்?

செல்வமகள் கிடையாது. பெற்றோர் மூலம் பிபிஎஃப் கணக்கு தொடங்கலாம். அதில் ஆண்டுக்குக் குறைந்தது ரூ.500 கட்டணும்.