பௌர்ணமி இருட்டுக்கு எத்தனை பெயர்?

யுத்தம் பற்றிச் சிங்களத்தில வந்த படங்களைத் தேடத் தொடங்கினால், மட்டக்களப்பில இருக்கிற நாங்கள் முதலில் இடறுவது பெயரில்தான். பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’வை எடுத்துக்கொள்வோம். யுத்தத்தில் செத்துப்போனதாகச் சொல்லி, முத்திரையிட்ட பெட்டியில் மகனைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பார்வையில்லாத தகப்பன் வன்னிஹாமி அதை நம்ப மறுக்கிறார், நட்டஈட்டுப் பத்திரத்தில ஒப்பமும் வைக்கமாட்டார். வன்னிஹாமியாக ஜோ அபேவிக்ரம நடித்திருந்தார்.

சிங்களத்தில ‘புரஹந்த’ எண்டால் முழுநிலவு, ‘களுவர’ எண்டால் இருட்டு. வெளிநாட்டு விழாக்களுக்குப் போனபோது படத்தின் பெயர் Death on a Full Moon Day. இருட்டு போய் மரணம் வந்துவிட்டது. ஆகவே ஆங்கிலப் பெயரைப் பார்த்துத் தமிழில் எழுதினவர் ‘மரணம்’ என்பார், சிங்களப் பெயரைப் பார்த்து எழுதினவர் ‘இருட்டு’ என்பார். இரண்டு கட்டுரையும் ஒரே படத்தைப் பற்றியது எண்டு வாசிக்கிற ஆளுக்கு எப்படித் தெரியும்?

சிங்கள ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கும் ஒரே முறை கிடையாது. ஒருவர் Kaluwara என்பார், இன்னொருவர் Kaluvara என்பார். முதல் சொல்லை Pura Handa எண்டு பிரித்தும் எழுதலாம். பாதுகாப்பான வழி, පුරහඳ කළුවර என்ற சிங்கள எழுத்தையே அப்படியே ஒட்டித் தேடுவது. சிங்களம் வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஆண்டைச் சேர்த்துத் தேடும்போது கவனம் வேணும். படம் முடிந்தது 1997இல். 2000இல் யுத்தச் சூழலைக் காரணம் காட்டி அரசாங்கம் திரையிடலைத் தள்ளிப்போட, விதானகே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2001இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. நாட்டில் வெளியான ஆண்டை வைத்துப் பட்டியல் போட்டால் படம் நாலு வருசம் பின்னுக்குப் போய்விடும். எங்களைக் கேட்டால், இந்த ஆண்டு வித்தியாசமே ஒரு வரலாற்றுச் சான்றுதான். எது உறுதியான அடையாளம் எண்டால், இயக்குநர் பெயரும் முதன்மை நடிகர் பெயரும் சேர்ந்து பொருந்துவது.

அதே இயக்குநரின் 2012ஆம் ஆண்டுப் படம் Oba Nathuwa Oba Ekka. முன்னாள் இராணுவச் சிப்பாய் ஒருவரை மணக்கிற தமிழ்ப் பெண்ணின் கதை. சிங்களப் பெயரின் பொருள் ‘நீ இல்லாமல், உன்னோடு’. ஆங்கிலத்தில அது With You, Without You. வரிசையே தலைகீழ். சிங்களப் பெயரைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கித் தேடினால் சறுக்கும்.

மொழிமாற்றப் படங்களில் பெயர் இன்னும் தூரம் போகும். எங்கட யுத்தத்தைத் தொட்ட ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ 2002இல் தெலுங்குக்குப் போனபோது ‘அம்ருதா’ ஆனது. முத்தம் போய், அந்தப் பிள்ளையின் பெயர் தலைப்பில் ஏறிவிட்டது. ஆங்கிலத்தில அது A Peck on the Cheek. ‘அம்ருதா’ எண்டு மட்டும் போட்டுத் தேடினால் வேறு எத்தனையோ வந்து குவியும். மணிரத்னம் பெயரையும் சேர்த்துப் போடுங்கோ.