மழைக்கோட்டு பிசுபிசுத்தால் துவைத்துப் பாருங்கள்

தாண்டிக்குடி பகுதி மிளகு விவசாயி ஒருவர், ஒரே பருவத்தில் பிசுபிசுத்துப்போன தன் மழைக்கோட்டை எடுத்து வந்தார். தோள், முன்கை இரண்டு இடங்களில் மட்டும் விரல் ஒட்டியது. முதுகுப்புறம் புதிதுபோல் இருந்தது. கோட்டின் உட்புறம் பருத்தித் துணி. அதாவது ரப்பர் பூசிய கோட்டு. தூறலில் போர்டோ கலவை தெளிக்கும்போதும் அதையே அணிந்திருக்கிறார்.

1 சதவீத போர்டோ கலவையில் 100 லிட்டருக்கு 1 கிலோ மயில்துத்தம் இருக்கிறது. அதிலுள்ள தாமிரம் இயற்கை ரப்பருக்கு நஞ்சு. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரை மெல்ல அரிப்பது எப்போதும் நடப்பதுதான். தாமிரம் பட்ட இடத்தில் அது பல மடங்கு விரைவுபடுகிறது. ரப்பரின் நீண்ட இழைகள் அறுந்து முதலில் பசையாகும், பிறகு காய்ந்து வெடிக்கும். மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ் பட்டாலும் ரப்பர் ஊதிக் கெடும்.

பி.வி.சி. கோட்டு ஒட்டுவதற்குக் காரணம் வேறு. அதை வளையச் செய்யக் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற பொருள் வெப்பத்தில் மேலே கசிகிறது. கசிந்து தீர்ந்ததும் கோட்டு விறைத்து, மடிப்பில் பிளக்கும். வெயிலில் கொடியில் கிடக்கும் கோட்டு சீக்கிரம் விறைப்பது இதனால்தான்.

எந்த வகை என்று தெரியாவிட்டால் சோப்பு நீரில் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுப்பு போய்விட்டால் அது பெரும்பாலும் பி.வி.சி. கசிவு. துடைத்த பிறகும் விரலில் நூல்போல் இழுத்தால் ரப்பரே சிதைந்துவிட்டது. அதைத் திரும்பப் பெற வழியில்லை.

துவைப்பது எளிது. ஒரு வாளி குளிர்ந்த நீரில் மிதமான திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி கலந்து, பஞ்சால் துடைத்து, நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். வாஷிங் மெஷின், பிளீச்சிங் பவுடர், வெந்நீர், முறுக்கிப் பிழிதல் எதுவும் வேண்டாம். கறை போக மண்ணெண்ணெய் தேய்ப்பது பலரிடம் உள்ள பழக்கம்; இரண்டு வகைக் கோட்டையும் அது கெடுக்கும். மருந்து தெளித்த நாளில் கலவை காயும் முன்பே அலசிவிடுங்கள், வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். மழைக்கோட்டு பூச்சிமருந்துக்கான பாதுகாப்பு உடை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உள்ளும் புறமும் நிழலில் காய வேண்டும். ஈரத்தோடு மடித்தால் உட்துணியில் பூஞ்சை பிடிக்கும். பிறகு வெறும் டால்கம் பவுடரை லேசாகத் தூவி, தடித்த ஹேங்கரில் இருட்டான இடத்தில் தொங்கவிடுங்கள். இடமில்லையென்றால் தளர்வாகச் சுருட்டலாம். தகரக் கொட்டகையும் உரமூட்டைக்கு அடியும் ஆகாது. பி.வி.சி.யை ரப்பரோடு சேர்த்து வைத்தாலும் அந்த எண்ணெய்ப் பொருள் ரப்பருக்குள் ஏறும்.

ரப்பர் கோட்டில் சிறு கிழிசலை சைக்கிள் பஞ்சர் ஒட்டுப் பசையால் ஒட்டலாம். பி.வி.சி.க்கு அது பிடிக்காது. குழாய்ப் பசையும் இறுகி, ஒட்டின் ஓரத்திலேயே மறுபடி பிளக்கும். வினைல் ஒட்டுப் பசையைக் கேட்டு வாங்குங்கள்.