ஓர் அரைத்தளம் வட்டத்துக்குள் வந்த வழி

ஆன்டெனாவோ வேறெந்தக் கருவியோ, கேபிளின் முனையில் எதை மாட்டினாலும் அதற்கு ஓர் இம்பீடன்ஸ் உண்டு. அதை ஒரு கலப்பெண்ணாக எழுதுவார்கள். அதன் மெய்ப்பகுதி மின்தடை, கற்பனைப் பகுதி ரியாக்டன்ஸ். 50 ஓம் கேபிளில் 100+50i ஓம் சுமையை மாட்டினால், எல்லாவற்றையும் 50 ஆல் வகுத்து z=2+i என்று குறித்துக்கொள்வது வழக்கம். சாதாரணச் சுமைகளில் மின்தடை எதிர்மமாகாது. ஆகவே அவை எல்லாமே கலப்பெண் தளத்தின் வலது பாதியில்தான் குடியிருக்கும்.

அந்தப் பாதிக்கு மேலும் கீழும் வலப்புறமும் எல்லை இல்லை. கேபிளின் முனை அறுந்து வெறுமனே கிடந்தால் z முடிவிலிக்குப் போய்விடும். அதை எந்தத் தாளில் குறிப்பது? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆன்டெனாக்களுக்குச் செல்லும் கேபிள்களோடு வேலை செய்த ஃபிலிப் ஸ்மித்துக்கு இது அன்றாடத் தலைவலி. அவர் முதலில் போட்ட கட்டத்தாள் வரைபடத்தில் சில சுமைகள் அடங்கின, சில தாளைத் தாண்டி ஓடின. கன்ஃபார்மல் மேப்பிங் தெரிந்த சக ஊழியர்களான ஃபெரலும் மெக்ரேயும் உதவ, பூஜ்யம் முதல் முடிவிலி வரை எல்லாம் அடங்கும் வட்ட வரைபடம் பிறந்தது. 1939 ஜனவரியில் ‘எலெக்ட்ரானிக்ஸ்’ இதழில் அது வெளிவந்தது. ஜப்பானில் மிசுஹாஷி தோசாகு 1937இலேயே தனியாக இதே இடத்துக்கு வந்திருந்தார்.

இருவரும் வந்து சேர்ந்த இடம் w=(z−1)/(z+1) என்ற ஒற்றை வாய்பாடு. இந்த வகை உருமாற்றங்களுக்கு மோபியஸின் பெயர் உண்டு. வட்டங்களை வட்டங்களாக்கும் உறவுகளைப் பற்றி அவர் 1855இலேயே எழுதிவிட்டார். கேபிளைப் பொறுத்தவரை w என்பது கற்பனைச் சரக்கல்ல. சுமையில் மோதித் திரும்பும் அலை, போன அலையில் எத்தனை பங்கு, எவ்வளவு கோணம் திரும்பி வருகிறது என்பதே அது.

அரைத்தளத்தின் பயணத்தைப் பின்தொடர, அதில் ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்வோம். மின்தடை 2 ஆக உள்ள எல்லாச் சுமைகளும் நிற்கும் செங்குத்துக் கோடு அது. வாய்பாட்டை w=1−2/(z+1) என்று மாற்றி எழுதினால் வழி தெளிவாகத் தெரியும். முதலில் 1 கூட்டுகிறோம். கோடு நகர்ந்து 3இல் நிற்கிறது. அடுத்து தலைகீழி எடுக்கிறோம். ஆதியிலிருந்து 3 தொலைவில் இருந்த கோடு, 0 முதல் 1/3 வரை விட்டமுள்ள வட்டமாக வளைகிறது. கோட்டின் இரு முனைகளும் ஓடிப்போன முடிவிலி இப்போது 0 என்ற ஒரே புள்ளி. பிறகு −2 ஆல் பெருக்க, விட்டம் 0 முதல் −2/3 வரை ஆகிறது. கடைசியாக 1 கூட்ட, 1/3 முதல் 1 வரை. மையம் 2/3, ஆரம் 1/3.

நான்கு அடிகளில் மூன்று வெறும் நகர்த்தலும் பெருக்கலும்தான். வடிவத்தை மாற்றுவது தலைகீழி ஒன்றே. வட்டத்தையும் கோட்டையும் ஒரே சமன்பாட்டு வடிவில் எழுதலாம். |z|² உறுப்பு இருந்தால் வட்டம், இல்லாவிட்டால் கோடு. தலைகீழி எடுக்கும்போது அந்த உறுப்பின் கெழுவும் மாறிலி உறுப்பும் இடம் மாறிக்கொள்கின்றன. அதனால்தான் இந்தக் குடும்பத்தை விட்டு எதுவும் வெளியேறுவதில்லை.

அரைத்தளத்தின் எல்லையான கற்பனை அச்சு எங்கே போகிறது? மூன்று புள்ளிகள் போதும். 0 போவது −1க்கு, i போவது iக்கே, முடிவிலி போவது 1க்கு. இந்த மூன்றையும் தொடும் வட்டம் ஓரலகு வட்டம். ஆனால் எல்லை தெரிந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். பகுதி வட்டத்துக்கு உள்ளேயா, வெளியேயா? வலப்பாதியிலிருந்து ஒரு புள்ளியைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். z=1 போவது 0க்கு. ஆகவே உள்ளே.

இன்னொரு சறுக்கல் இதைவிட நுட்பமானது. 2ஐ மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள வட்டத்தை அனுப்பிப் பாருங்கள். மெய் அச்சில் அதன் விட்டமுனைகள் 1, 3; அவை 0, 1/2 ஆகின்றன. புதிய வட்டத்தின் மையம் 1/4. ஆனால் பழைய மையமான 2 போய் விழுவது 1/3இல். வட்டம் வட்டமாகும், மையம் மையமாகாது. வகுத்தி பூஜ்யமாகும் புள்ளியையும் எப்போதும் கவனிக்க வேண்டும். இங்கே அது −1. அதன் வழியே போகும் எந்த வட்டமும் கோடும் முடிவிலிக்கு நீளும் என்பதால் நேர்கோடாகிவிடும். |z|=1 வட்டம் −1ஐத் தொடுகிறது; அது w தளத்தில் செங்குத்து அச்சாக நிமிர்ந்துவிடுகிறது.

நம் சுமைக்கு வருவோம். z=2+i என்றால் w=(1+i)/(3+i)=0.4+0.2i. சரிபார்க்க, 2/3இலிருந்து இதன் தொலைவைக் கணக்கிட்டால் 1/3 வருகிறது. மின்தடை 2 வட்டத்தின் மேல்தான் இருக்கிறது. ரியாக்டன்ஸ் 1 என்ற கிடைக்கோடு 1+iஐ மையமாகக் கொண்ட, ஆரம் 1 உள்ள வட்டமாகியிருக்கும்; அதன் மேலும் இந்தப் புள்ளி இருக்கிறது. கோடுகள் செங்குத்தாக வெட்டியதால் இந்த இரு வட்டங்களும் இங்கே செங்குத்தாகவே வெட்டுகின்றன. |w|² இன் மதிப்பு 0.2. அனுப்பிய திறனில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது.

இழப்பில்லாத கேபிளில் சுமையிலிருந்து பின்னோக்கி நகர்ந்தால் w மையத்தைச் சுற்றிக் கடிகாரத் திசையில் சுழலும். அரை அலைநீளத்துக்கு ஒரு முழுச் சுற்று. z தளத்தில் சிக்கலாக இருந்தது இங்கே வெறும் கவராயம் வேலை. இந்த எளிமையே அரைத்தளத்தை இவ்வளவு தூரம் இழுத்துவந்ததற்கான கூலி என்று நினைக்கிறேன். நம் புள்ளியைச் சுழற்றுங்கள். சரியாக 90 டிகிரியில் அது 0.2−0.4iக்கு வந்து, மின்தடை 1 வட்டத்தைத் தொடுகிறது. அந்த இடத்தில் z=1−i, அதாவது 50−50i ஓம். 90 டிகிரி என்பது எட்டில் ஒரு பங்கு அலைநீளம். 100 மெகாஹெர்ட்ஸில், ஒளியின் வேகத்தில் 66 சதவீதத்தில் அலை ஓடும் கேபிளானால், அது ஏறக்குறைய 25 செ.மீ. அங்கே 80 நானோஹென்றி அளவு காயில் ஒன்றைத் தொடராகச் சேர்த்தால் +50i ஓம் வந்து −50iஐ அழித்துவிடும். புள்ளி அதே வட்டத்தின் வழியே மையத்துக்கு வரும். திரும்பும் அலை இராது. 110 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் சுழலும் கோணமும் காயிலின் ஓமும் இரண்டுமே மாறும், புள்ளி மையத்தை விட்டு விலகும். இந்தப் பொருத்தம் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டுமே.

ஸ்மித் 1944இல் மேம்படுத்திய வடிவத்தை வெளியிட்டார், 1969இல் முழுப் புத்தகமே எழுதினார். இன்று நெட்வொர்க் அனலைசர் திரையில் ஒளிர்வது அதே வட்டங்கள். எதிர்ம மின்தடை காட்டும் ஆசிலேட்டர்கள் இடப்பாதியைச் சேர்ந்தவை, எனவே வட்டத்துக்கு வெளியே விழும். டிரான்சிஸ்டர் பெருக்கி எந்தச் சுமையில் அலைவுக்குப் போகும் என்று பார்க்கும்போதும் இதே வகை உருமாற்றம்தான்; நுழைவாயிலில் |w|=1 என்ற எல்லை, சுமையின் w தளத்தில் இன்னொரு வட்டமாக வந்து நிற்கும். அதன் எந்தப் பக்கம் பாதுகாப்பானது? சுமைத் தளத்தின் மையத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே நுழைவாயிலின் எதிரொளிப்பு 1க்குக் கீழே இருந்தால், மையம் இருக்கும் பக்கமே பாதுகாப்பானது.