கெராபும் ஒயினும்

பினாங்கின் நியோன்யா சமையலில் பச்சைக் காய்களைப் பிசறிச் செய்யும் சாலட் வகைகளுக்குக் கெராபு என்று பெயர். அஸ்பாரகஸ், கூனைப்பூ (ஆர்டிசோக்) ஆகியவற்றைப் போலவே கெராபும் ஒயினோடு எளிதில் ஒத்துப்போவதில்லை. ஆனால் மற்ற இரண்டிலும் சிக்கல் காயிலேயே இருக்கிறது. கெராபில் அது பிசறும் சாற்றில் இருக்கிறது.

பொருந்தாமைக்குக் காரணம்

ஜார்ஜ் டவுன் நியோன்யா உணவகங்களில் கிடைக்கும் சிறகவரைக் கெராபில் காயை மெல்லிசாக நறுக்கி, சின்ன வெங்காயம், உலர்ந்த இறால், வறுத்த தேங்காய்த்துருவல், சம்பால் பெலாச்சான் சேர்த்து, கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிவார்கள். எலுமிச்சைச் சாறு ஒயினைவிடப் பல மடங்கு புளிப்பானது. அதைச் சுவைத்த நாவுக்கு ஒயினின் புளிப்பு எடுபடாது. ஒயின் சப்பென்று ஆகிவிடும். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். சிவப்பு ஒயினின் துவர்ப்போ இறாலோடும் பெலாச்சானோடும் சேர்ந்து இரும்பைக் கடித்தது போன்ற சுவை தரும்.

பொருந்துபவை

புளிப்பு மிகுந்து, சற்றே இனித்து, ஆல்கஹால் குறைந்த வெள்ளை ஒயினே இதற்கு ஏற்றது. ஜெர்மனியின் மோசல் பகுதியில் காபினெட் வகையாக விற்கப்படும் இனிப்புள்ள ரீஸ்லிங் நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஆல்கஹால் பெரும்பாலும் 8 முதல் 10 விழுக்காடுதான். அதன் புளிப்பு எலுமிச்சைக்கு ஈடுகொடுக்கிறது, இனிப்பு காரத்தை அடக்குகிறது. ஓக் பீப்பாயில் முதிர்ந்த ஷார்டனே இங்கே கசந்துபோகும். சமைப்பவர் எலுமிச்சையைப் பாதியாகக் குறைத்து, கெட்டித் தேங்காய்ப்பால் சேர்த்தால், இனிப்பில்லாத வெள்ளை ஒயினும் ஓரளவு பொருந்தும். சோதித்துப் பார்ப்பது எளிது: ஒயினை ஒரு வாய் பருகி, கெராபை உண்டு, மறுபடி பருகவேண்டும். இரண்டாம் வாயில் பழச்சுவை மறைந்திருந்தால் அந்த ஒயின் பொருந்தவில்லை.

அஸ்பாரகஸும் கூனைப்பூவும்

அஸ்பாரகஸை வேகவைக்கும்போது கந்தகச் சேர்மங்கள் வெளிப்படுகின்றன; துவர்ப்புள்ள ஒயினோடு அவை உலோகச் சுவையாகத் தெரியும். பச்சை வாசமுடைய சோவிக்னான் பிளாங்கும் ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினரும் அதோடு ஒத்துப்போகும். தண்ணீரில் வேகவைப்பதைவிட, தணலில் சுட்டோ சூடான வாணலியில் வதக்கியோ எடுத்தால் ஒயின் தேர்வு எளிதாகும்.

கூனைப்பூவில் உள்ள சைனரின் நாவின் இனிப்புணர்வைத் தற்காலிகமாகத் தடுக்கும். அடுத்துப் பருகும் பானம் அந்தத் தடையைக் கழுவி நீக்குவதால், வெறும் தண்ணீரும் இனிக்கும். ஆகவே அதற்கு இனிப்பில்லாத, புளிப்பு மிகுந்த ஒயின் வேண்டும். ஸ்பெயினின் ஃபினோ ஷெர்ரியும் பொருந்தும். இவ்விளைவு எல்லாருக்கும் ஒரே அளவில் தெரிவதில்லை.

வரம்பு

பினாங்கின் மற்றொரு பச்சைக்காய் உணவான பசெம்பூர் தமிழ் முஸ்லிம் கடைகளின் கைவண்ணம். அங்கே மது பரிமாறப்படுவதில்லை என்பதால் ஒயின் பொருத்தம் என்ற கேள்வியே எழாது.